3.2 சதவீத ஆல்ஃபா எங்கே போனது?

கேள்வி: என் பணம் இருக்கும் ஈக்விட்டி ஃபண்டு கடந்த 5 வருடத்தில் வருடத்துக்குச் சராசரியாக 15.2% கொடுத்திருக்கிறது. அதே காலத்தில் சந்தைக் குறியீடு 12%. வித்தியாசம் 3.2%, அதுதான் ஆல்ஃபா என்கிறார் எனக்கு இதை விற்றவர். ஃபண்டு அறிக்கையிலோ ஆல்ஃபா 1.7 என்று இருக்கிறது. பீட்டா 1.25, ஆர்-ஸ்கொயர் 0.91, செலவு விகிதம் 1.8%, ரிஸ்க் இல்லாத வட்டி 6% என்றும் போட்டிருக்கிறார்கள். அறிக்கையை இணைத்திருக்கிறேன். இரண்டில் எது சரி? மற்ற முதலீட்டையும் இதற்கே மாற்றிவிடலாமா?

பதில்: இரண்டுமே சரியில்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கையின் எண்களை வைத்தே கணக்குப் போட்டால் ஆல்ஃபா ஏறக்குறைய பூஜ்யம், நூலிழை கீழே. விற்றவர் பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை. அவர் சொன்னது குறியீட்டைவிடக் கிடைத்த கூடுதல் வருமானம். அதற்கும் ஆல்ஃபாவுக்கும் நடுவில் பீட்டா உட்கார்ந்திருக்கிறது.

பீட்டா 1.25 என்றால் சந்தை 4% ஏறும் மாதத்தில் இந்த ஃபண்டு சராசரியாக 5% ஏறும், 4% விழுந்தால் 5% விழும். நல்ல காலத்தில் இப்படி ஒரு ஃபண்டு குறியீட்டை முந்துவதில் ஆச்சரியமே இல்லை. முந்தாவிட்டால்தான் கேள்வி கேட்க வேண்டும். அது எவ்வளவு முந்தியிருக்க வேண்டும் என்று சொல்வதுதான் சிஏபிஎம் என்கிற மூலதனச் சொத்து விலை மாதிரி. அதற்கு மேல் மிஞ்சியது ஆல்ஃபா. பொருளாதார அறிஞர் மைக்கேல் ஜென்சன் 1968-இல் ஃபண்டுகளை இப்படி அளந்து காட்டியதால் ஜென்சன் ஆல்ஃபா என்றும் சொல்வார்கள்.

```
α = Rp − [ Rf + β × (Rm − Rf) ]
```

Rp உங்கள் ஃபண்டு, Rm சந்தை, Rf ரிஸ்க் இல்லாத வட்டி, அதாவது குறுகிய கால அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி. உங்கள் எண்களைப் போடுவோம். சந்தை 12, வட்டி 6, ஆகவே சந்தை கூடுதலாகக் கொடுத்தது 6. அதை 1.25-ஆல் பெருக்கினால் 7.5. வட்டி 6-ஐச் சேர்த்தால் 13.5. ஃபண்டு தந்தது 15.2. மிச்சம் 1.7. அறிக்கையில் இருக்கும் எண் இப்படி வந்ததுதான். பெருக்கல், கூட்டல் எல்லாம் சரி. தப்பு உள்ளே போன எண்ணில் இருக்கிறது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது, பார்த்தீர்களா? அந்த 12% வெறும் விலைக் குறியீடு. அதில் இருக்கும் நிறுவனங்கள் கொடுத்த டிவிடெண்ட் அதில் சேரவில்லை. டிவிடெண்டையும் மறுமுதலீடு செய்ததாகக் கணக்கிட்ட குறியீடு அதே காலத்தில் 13.4% என்று அதற்கு அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஃபண்டின் 15.2%-இல் அதன் பங்குகளுக்கு வந்த டிவிடெண்ட் முழுவதும் இருக்கிறது. ஒருவர் சம்பளத்தோடு போனஸையும் சேர்த்துச் சொல்லி, இன்னொருவரின் வெறும் சம்பளத்தோடு ஒப்பிடுவது போல.

13.4-ஐ வைத்துத் திரும்பப் போடுங்கள். சந்தையின் கூடுதல் 7.4. அதை 1.25-ஆல் பெருக்கினால் 9.25. வட்டியோடு 15.25. ஃபண்டு 15.2. ஆல்ஃபா மைனஸ் 0.05. டிவிடெண்ட் விட்டுப்போனது 1.4% மட்டும்தான், ஆல்ஃபா குறைந்ததோ 1.75%. காரணம், அந்த 1.4-ஐயும் பீட்டா பெருக்குகிறது. பீட்டா எவ்வளவு அதிகமோ, தப்பான குறியீடு அவ்வளவு பெரிய பொய் ஆல்ஃபாவைக் கொடுக்கும். பீட்டாவைத் திருத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். அநேகமாகத் தேவையில்லை. டிவிடெண்ட் மாதாமாதம் பெரிதாக ஆடுவதில்லை, அதனால் குறியீட்டின் ஏற்ற இறக்கம் அப்படியேதான் இருக்கும். பீட்டா இரண்டாவது தசமத்தில் மாறினால் அதிகம்.

சரி, இந்த 15.25 ஏதோ சூத்திரத்தில் பிறந்த எண் என்று தோன்றும். அதைக் கையால் செய்தே காட்டலாம். உங்களிடம் 100 இருக்கிறது. 6% வட்டிக்கு 25 கடன் வாங்கி, மொத்தம் 125-ஐக் குறியீட்டில் போடுகிறீர்கள். 13.4% வீதம் வருமானம் 16.75. கடனுக்கு வட்டி 1.5. கையில் மிஞ்சுவது 15.25. சந்தை 10% ஏறினாலும் விழுந்தாலும் 125-க்கு ஏற்றபடி நீங்கள் ஆடுவீர்கள், அதாவது பீட்டா 1.25. எந்தப் பங்கையும் தேர்ந்தெடுக்காத, எந்த ஆராய்ச்சியும் செய்யாத ஒருவருக்கு இது கிடைத்திருக்கும். உங்கள் ஃபண்டு மேலாளர் பங்குகளைத் தேடித் தேடி எடுத்து அதைவிட 0.05 குறைவாகக் கொண்டுவந்திருக்கிறார்.

இங்கே நீங்கள் குறுக்கே பேசலாம்: "எனக்கு யார் 6%-க்குக் கடன் கொடுப்பார்கள்?" நியாயமான கேள்வி, சிஏபிஎம்-இன் உண்மையான பலவீனமும் இதுதான். அந்த மாதிரி, எல்லோரும் ரிஸ்க் இல்லாத வட்டியிலேயே கடன் வாங்கலாம், கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் 9%-க்குக் கடன் வாங்கியிருந்தால் வட்டி 2.25 ஆகியிருக்கும், கையில் 14.5 மிஞ்சியிருக்கும், ஃபண்டு 0.7% மேலாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் கடனே வாங்காமல் இதைத் தலைகீழாகவும் சோதிக்கலாம். 80-ஐ ஃபண்டிலும் 20-ஐ அரசுக் கடன் பத்திரத்திலும் போடுங்கள். பீட்டா 0.8 × 1.25, அதாவது சரியாக 1. இப்போது குறியீடு எவ்வளவு ஆடுமோ அவ்வளவுதான் நீங்களும் சந்தையோடு ஆடுவீர்கள். வருமானம்: ஃபண்டிலிருந்து 12.16, பத்திரத்திலிருந்து 1.2, ஆக 13.36. குறியீடு 13.4. சும்மா குறியீட்டில் போட்டுவிட்டுத் தூங்கியவரும் நீங்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். விற்றவர் சொன்ன 3.2% எங்கே போனது என்று இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்: அதில் 1.4 டிவிடெண்ட், மற்றது நீங்கள் கூடுதலாகச் சுமந்த ஆட்டத்துக்கான கூலி.

சந்தை விழும் வருடத்திலும் இதே சூத்திரம்தான். சந்தை மைனஸ் 10% என்றால் அதன் கூடுதல் மைனஸ் 16. அதை 1.25-ஆல் பெருக்கினால் மைனஸ் 20, வட்டி 6 சேர்த்தால் மைனஸ் 14. அந்த வருடம் ஃபண்டு 13% விழுந்திருந்தால், குறியீட்டைவிட 3% மோசமாகத் தெரியும், ஆனால் ஆல்ஃபா பிளஸ் 1. முதலீட்டாளர்கள் அந்த வருடத்தில்தான் கோபப்பட்டு வெளியேறுவார்கள். ஏறிய வருடத்தில் 3.2-ஐப் பார்த்து உள்ளே வந்தவர்களும் அவர்கள்தான்.

இனி, மாத எண்களை நீங்களே போட்டுப் பார்க்க விரும்பினால் செய்முறை இது. பீட்டா வானத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஃபண்டின் வருமானத்திலும் குறியீட்டின் வருமானத்திலும் அந்த மாத வட்டியைக் கழிக்கிறோம். கழித்த பின் வரும் ஜோடிகளைக் கட்டத்தாளில் புள்ளிகளாக வைத்து, நடுவே ஒரு நேர்கோடு போடுகிறோம். கோட்டின் சாய்வு பீட்டா. சந்தையின் கூடுதல் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ அது ஒரு மாத ஆல்ஃபா.

வெறும் 5 மாதத்தை வைத்துப் பார்ப்போம். வட்டி கழித்த பின் குறியீடு: 4, −3, 2, −1, 3. ஃபண்டு: 5, −3.5, 2.5, −1.5, 4. குறியீட்டின் சராசரி 1, ஃபண்டின் சராசரி 1.3. குறியீடு தன் சராசரியிலிருந்து விலகியது 3, −4, 1, −2, 2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 34. அதே விலகல்களை ஃபண்டின் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 15 + 14 + 2.5 + 3 + 8 = 42.5. பீட்டா 42.5 / 34 = 1.25. ஆல்ஃபா 1.3 − 1.25 × 1 = 0.05, அதாவது மாதத்துக்கு 0.05%, வருடத்துக்கு 0.6%.

60 மாதத்துக்கு இதைக் கையால் போட வேண்டாம். விரிதாளில் D பத்தியில் வட்டி கழித்த குறியீடு, E பத்தியில் வட்டி கழித்த ஃபண்டு:

```
=SLOPE(E2:E61, D2:D61)
=INTERCEPT(E2:E61, D2:D61)
=INDEX(LINEST(E2:E61, D2:D61, TRUE, TRUE), 2, 2)
```

முதல் வரி பீட்டா, இரண்டாவது மாத ஆல்ஃபா. மூன்றாவது அந்த ஆல்ஃபாவின் திட்டப்பிழை, அதாவது அந்த எண் தற்செயலால் எவ்வளவு தள்ளிப்போயிருக்கலாம் என்பதன் அளவு. அதற்கு அப்புறம் வருகிறேன். மாத வருமானங்களை மாத வருமானங்களாகவே போடுங்கள், வருடக் கூட்டு வளர்ச்சி விகிதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துப் போடாதீர்கள். அப்படிப் பிரித்தால் எல்லா மாதமும் ஒரே எண்ணாகிவிடும், பீட்டாவே கிடைக்காது.

வட்டியைக் கழிக்கும் இடத்தில் கவனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாத வருமானத்திலிருந்து 0.5-ஐக் கழிப்பதற்குப் பதில் வருட வட்டி 6-ஐக் கழித்துவிட்டேன். பீட்டா 1.25 என்று அழகாக வந்தது, ஏனென்றால் எல்லா மாதத்திலும் ஒரே எண்ணைக் கழித்தால் சாய்வு மாறாது. ஆல்ஃபா மட்டும் வருடத்துக்கு 16 சதவீதத்துக்கு மேல்! மேலதிகாரி சிரித்துவிட்டு, "இந்த ஃபண்டு எங்கே கிடைக்கும், எனக்கும் வாங்கிக் கொடு" என்றார். கணக்கு எளிது: தப்பாகக் கூடுதலாகக் கழித்தது 5.5, அதைப் பீட்டா மைனஸ் 1, அதாவது 0.25-ஆல் பெருக்கினால் மாதத்துக்கு 1.375 சும்மா சேர்ந்துவிடும்.

அந்தத் தப்பு பெரிது, அதனால் உடனே பிடிபட்டது. வட்டியைக் கழிக்கவே மறந்துபோவது சின்னத் தப்பு, அதுதான் ஆபத்து. உங்கள் ஃபண்டில் அது ஆல்ஃபாவை வருடத்துக்கு 1.5% குறைத்துக் காட்டும். பீட்டா 0.75 உள்ள ஃபண்டில் அதே 1.5%-ஐக் கூட்டிக் காட்டும். நம்பும்படியான எண் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது திட்டப்பிழை. கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் அல்லவா, உங்கள் ஃபண்டின் 60 மாதத்தில் அந்தச் சிதறல் மாதத்துக்குச் சுமார் 1.8% என்று வைத்துக்கொள்வோம். அதை 60-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.23. ஆல்ஃபாவின் திட்டப்பிழை மாதத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு, வருடக் கணக்கில் 2.8%. ஆகவே மைனஸ் 0.05 என்ற எண்ணை நான் சொல்லும்போது அதன் இரு பக்கமும் ஐந்தரை சதவீதம் வரை இடம் விட்டுத்தான் படிக்க வேண்டும். அறிக்கையின் 1.7 சரி என்றே வைத்துக்கொண்டாலும் அது திட்டப்பிழையில் 0.6 மடங்குதான். அதிர்ஷ்டம் இல்லை, திறமைதான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல 2 மடங்கு வேண்டும் என்பது வழக்கம். இதே சிதறலோடு 1.7% ஆல்ஃபா அந்த 2-ஐத் தொட எத்தனை வருடத் தரவு வேண்டும் தெரியுமா? சுமார் 54 வருடம். அத்தனை காலம் ஒரே மேலாளர் ஒரே ஃபண்டை நடத்துவதை யார் பார்த்தது?

இதனால்தான் ஆல்ஃபாவை இரண்டு தசமத்தில் அச்சடித்து, பக்கத்தில் திட்டப்பிழையைப் போடாத அறிக்கைகள் மேல் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. "1.70" என்று பார்த்தால் தராசில் நிறுத்த மாதிரி இருக்கிறது.

ஆர்-ஸ்கொயர் 0.91 என்பது நல்ல செய்தி. ஃபண்டின் ஏற்ற இறக்கத்தில் 91% சந்தையோடு போகிறது, அதனால் இந்தக் குறியீட்டோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது. இதே இடத்தில் 0.55, 0.6 என்று இருந்திருந்தால் ஆல்ஃபாவைப் படிக்காமலேயே கேட்டிருப்பேன்: ஃபண்டு வாங்குவது சின்ன நிறுவனங்களை, ஒப்பிடுவது பெரிய நிறுவனங்களின் குறியீட்டோடா? சின்ன நிறுவனப் பங்குகள் எல்லாமே ஏறிய காலத்தில் அப்படிப்பட்ட ஃபண்டுக்குக் கணிசமான ஆல்ஃபா வரும். அது மேலாளர் தேர்ந்தெடுத்ததால் வந்ததல்ல, அந்தத் தெருவில் கடை போட்டதால் வந்தது. ரிச்சர்ட் ரோல் 1977-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: சிஏபிஎம் சொல்லும் "சந்தை" என்பது உலகில் உள்ள எல்லாச் சொத்தும். அதை யாராலும் அளக்க முடியாது. எந்தக் குறியீட்டை எடுத்தாலும் அது ஒரு பதிலிதான், பதிலியை மாற்றினால் ஆல்ஃபாவும் மாறும். உங்கள் வழக்கிலேயே டிவிடெண்ட் சேர்த்ததும் 1.7 காணாமல் போனது அதற்கு ஒரு சின்ன உதாரணம்.

மேலாளருக்குச் சாதகமாகவும் இரண்டு சொல்ல வேண்டும். முதலாவது, 15.2% என்பது செலவு போக வந்த எண். 1.8% செலவைத் திரும்பச் சேர்த்தால் செலவுக்கு முந்திய ஆல்ஃபா 1.75. அவர் ஏதோ சம்பாதித்திருக்கலாம், ஆனால் அது உங்களிடம் வந்து சேரவில்லை, கட்டணமாகப் போய்விட்டது. ஜென்சன் 1945 முதல் 1964 வரை 115 ஃபண்டுகளைப் பார்த்தபோது செலவு போக சராசரி ஆல்ஃபா வருடத்துக்கு மைனஸ் 1.1% என்று வந்தது. அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் உங்கள் ஃபண்டு மோசமில்லை.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கம். 1972-இல் பிளாக், ஜென்சன், ஷோல்ஸ் மூவரும் அமெரிக்கப் பங்குகளை வைத்துக் காட்டியது: பீட்டா அதிகமான பங்குகள் சிஏபிஎம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவும், பீட்டா குறைந்தவை அதிகமாகவும் தந்திருக்கின்றன. அதாவது பீட்டா 1.25 உள்ளவரிடம் இந்த அளவுகோல் சற்றுக் கடுமையாக நடந்துகொள்கிறது. அப்படியானால் உங்கள் ஃபண்டு மேலாளர் மைனஸ் 0.05-ஐவிட ஓரளவு மேலானவராக இருக்கலாம். அதே காரணத்தால், பீட்டா 0.7 உள்ள ஒரு ஃபண்டு பிளஸ் 1 ஆல்ஃபா என்று நாளை உங்களிடம் வந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

மாற்றலாமா என்று கேட்டீர்கள். இந்த ஆல்ஃபாவைக் காரணம் காட்டி மாற்ற வேண்டாம். ஏற்கெனவே இருப்பதை விற்கவும் இந்த எண் காரணமில்லை, அதன் பிழை இரு பக்கமும் ஒரே அளவுதான். உங்கள் மற்ற முதலீடு குறைந்த செலவில் குறியீட்டையே பின்பற்றுவதாக இருந்து, அதை முழுக்க இங்கே கொண்டுவந்தால் உறுதியாக மாறுவது இரண்டு: மொத்தப் பீட்டா 1.25-க்கு ஏறும், மொத்தப் பணத்துக்கும் 1.8% செலவு விழும். சந்தை 40% விழும் ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். மேலே செய்த கணக்குப்படி ஃபண்டில் எதிர்பார்ப்பது 6 + 1.25 × (−46), மைனஸ் 51.5. அப்போதும் விற்காமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்றால் மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, பீட்டாவைக் கூட்டுங்கள்.

ஃபண்டு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, டிவிடெண்ட் சேர்த்த குறியீட்டை வைத்துக் கணக்கிட்ட ஆல்ஃபாவையும் அதன் திட்டப்பிழையையும் கேளுங்கள். 60 மாத வருமானப் பட்டியலைக் கொடுத்தால் இன்னும் நல்லது. அது கிடைத்ததும் அனுப்புங்கள். முதல் 30 மாதத்துக்கும் அடுத்த 30 மாதத்துக்கும் பீட்டாவைத் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும். முன்பாதியில் 1.0, பின்பாதியில் 1.5 என்று இருந்து அதன் சராசரிதான் 1.25 என்றால், நான் மேலே போட்ட கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.